உண்ணிக்கடித் தடிப்பைப் பார்த்த பிறகும் 'லைம் இல்லை' என்று அனுப்பிவிடுகிறார்கள், எச்சரிக்கை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், அதாவது கனெக்டிகட், நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கோடைக்காலத்தில் உடலில் எங்காவது வலியில்லாத ஒரு சிவந்த தடிப்பு தோன்றி நாளுக்கு நாள் அகலமானால், அது உண்ணிக்கடியால் வரும் லைம் நோயாக இருக்கலாம். அதைப் பார்த்த மருத்துவர் இரத்தப் பரிசோதனை எடுத்து "நெகட்டிவ், கவலை வேண்டாம்" என்று அனுப்பிவிட்டால், அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். என் கணவருக்கு அப்படித்தான் நடந்தது. அவருடைய முழங்கால் அதற்கு விலை கொடுத்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிறிய காடு இருக்கிறது, மான்கள் வரும். ஜூன் மாதம் அவர் வேலியோரத்தில் சருகு வாரினார். ஒரு வாரம் கழித்துத் தொடையின் பின்புறத்தில் நீள்வட்டமாக ஒரு தடிப்பு. உண்ணி கடித்தது அவருக்குத் தெரியவே தெரியாது. இந்த நோயைப் பெரும்பாலும் பரப்புவது முழு வளர்ச்சி அடையாத மான் உண்ணி, கசகசா விதை அளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்காது, அரிக்காது. வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்துவிடும். எனவே "உண்ணியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் அந்த நோயைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடும் மருத்துவரிடம் கவனமாக இருங்கள். தடிப்போடு வருபவர்களில் பலருக்குக் கடி நினைவிருப்பதில்லை.

ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த என் மாமியார் "படர்தாமரை மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் மருத்துவர் இல்லை, சொல்லலாம். ஆனால் முன்பதிவு இல்லாமல் பார்க்கும் அவசர சிகிச்சை மையத்தில் இருந்தவர் சிலந்திக்கடி என்றார், பிறகு தோல் தொற்று என்றார், செஃபலெக்சின் மாத்திரை எழுதினார். நான் வற்புறுத்தியதால் லைம் நோய்க்கான எதிர்ப்பொருள் பரிசோதனையையும் எடுத்தார். முடிவு நெகட்டிவ். கோப்பில் 'லைம் நோய் இல்லை' என்றே எழுதி வைத்தார்கள்.

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன, இரண்டையும் விளக்க வேண்டும். அதற்கு உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும்.

லைம் நோயை உண்டாக்குவது போரெலியா பர்க்டார்ஃபெரி என்ற சுருள் வடிவ பாக்டீரியா. நம் ஊரில் மழைக்காலத்தில் வரும் எலிக்காய்ச்சல் கிருமியும் இதே வகைச் சுருள்தான். பசியோடிருக்கும் உண்ணியின் குடலில் இது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். உண்ணி இரத்தம் குடிக்கத் தொடங்கியதும் பெருகி, தன் வெளிப்புறப் புரதத்தை மாற்றிக்கொண்டு, குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்ந்து, அங்கிருந்து நம் தோலுக்குள் இறங்குகிறது. இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். எனவே கடித்த அன்றே உண்ணியை எடுத்துவிட்டால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எடுப்பதற்கு மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும்.

தோலுக்குள் நுழைந்த கிருமி அங்கேயே நிற்பதில்லை. அதை நகர்த்தும் இழைகள் அதன் உடலுக்கு வெளியே ஆடாமல் உள்ளேயே, இரண்டு உறைகளுக்கு நடுவே சுழல்கின்றன. அந்தச் சுழற்சி முழு உடலையும் திருகி முன்னே தள்ளுவதால், மற்றக் கிருமிகள் சிக்கிக்கொள்ளும் அடர்ந்த திசுவுக்குள்ளும் இது நகர்ந்துவிடும். கடித்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே பரவும்போது, நம் நோய் எதிர்ப்புச் செல்கள் அதைத் துரத்திக்கொண்டு போகின்றன. நாம் காணும் சிவப்பு அந்தத் துரத்தலின் அடையாளம். கிருமி நஞ்சு எதையும் கக்குவதில்லை. அழற்சி முழுவதும் நம் உடலே உண்டாக்குவதுதான். தடிப்பு நாட்கணக்கில் அகலமாவதன் காரணமும் இதுவே. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றி 5 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்கிறது. கடித்த ஓரிரு நாளில் தோன்றி, சிறியதாகவே இருந்து மறைந்துவிடுவது வெறும் கடிக்கான ஒவ்வாமை. தொட்டால் கொதித்து, விண்விண் என்று வலிப்பது சாதாரணத் தோல் தொற்று. என் கணவருக்கு இந்த இரண்டுமே இல்லை.

படங்களில் காட்டும் அம்பு இலக்கு போன்ற வளையம், நடுவில் சிவப்பு, பிறகு வெளிறல், பிறகு சிவப்பு, எல்லோருக்கும் வராது. பலருக்கு ஒரே சீரான சிவப்பாகவே இருக்கும். நம்முடைய மாநிறத் தோலில் அதுவும் தெரியாது, பழுப்பாகவோ ஊதாவாகவோ கன்றிப்போன காயம் போலக் காணும். வெள்ளைத் தோலில் எடுத்த படங்களை வைத்துப் பழகிய கண் இதைத் தவறவிடும். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, நாள்தோறும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அகலமாகி வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி அந்தப் பரிசோதனை. அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் அளவிடத்தக்க அளவுக்கு வளர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். தடிப்பு தோன்றிய முதல் வாரத்தில் எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நெகட்டிவ் என்றே வரும். அதனால்தான், இந்த நோய் பரவலாக உள்ள பகுதியில் இப்படிப்பட்ட தடிப்பு இருந்தால் பரிசோதனை இல்லாமலே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எங்களுக்கு எடுத்ததோ கண்ணெதிரே இருந்த தடிப்பை விட்டுவிட்டு, இன்னும் பிறக்காத எதிர்ப்பொருளைத் தேடிய பரிசோதனை. அதற்குக் கட்டணமும் வாங்கினார்கள்.

மாத்திரை அதைவிட மோசம். செஃபலெக்சின் சாதாரணத் தோல் தொற்றுக்கு நல்ல மருந்து. இந்தச் சுருள் கிருமிமீது அது வேலை செய்யாது. கொடுக்க வேண்டியது டாக்சிசைக்ளின், பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 10 நாட்கள். அது கிருமி தனக்கு வேண்டிய புரதங்களை உண்டாக்குவதைத் தடுத்துவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 14 நாட்கள். அவ்வளவுதான், விலையும் அதிகமில்லை. முதல் நாளில் சிலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் கூடும். கிருமிகள் ஒரேயடியாகச் சாவதால் வருவது அது, பயந்து நிறுத்தக் கூடாது.

செஃபலெக்சின் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே தடிப்பு மங்கத் தொடங்கி மறைந்தது. மருந்து பலித்தது என்று அந்த மையம் சொன்னது. மருந்தே இல்லாவிட்டாலும் தடிப்பு சில வாரங்களில் தானாக மறைந்துவிடும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தோலில் இருந்து மறைவது கிருமி போய்விட்டதற்கு அடையாளம் இல்லை. அதற்குள் அது இரத்தத்தில் கலந்திருக்கும். சிலருக்கு அடுத்த வாரங்களில் முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும், சிலருக்கு இதயத் துடிப்பின் மின்பாதை தடைபட்டு மயக்கம் வரும். தொடக்கத்திலேயே சரியான ஆன்டிபயாடிக் கொடுப்பதன் பயன் இதுதான். கிருமி எண்ணிக்கையில் குறைவாகவும் தோலுக்கு அருகிலும் இருக்கும்போதே தீர்த்துவிட்டால், மூட்டு, நரம்பு, இதயம் எதற்கும் அது போய்ச்சேராது.

அக்டோபரில் இடது முழங்கால் வீங்கியது. பெரிய வீக்கம், ஆனால் அந்த அளவுக்கு வலியில்லை. லைம் மூட்டழற்சியின் குணமே அது. சிகிச்சை பெறாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பழைய ஆய்வில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு மூட்டு வீக்கம் வந்தது, பெரும்பாலும் முழங்காலில்தான். இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்ததே முழங்கால் வழியாகத்தான். 1975-இல் கனெக்டிகட்டின் லைம் ஊரில் குழந்தைகளுக்குக் கூட்டமாக மூட்டு வீக்கம் வந்தபோது பாலி மரே என்ற தாய் விடாமல் முறையிட்டார். அதைக் கேட்டு ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் ஆராய வந்தார். அந்தக் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணியில் கண்டுபிடித்தது பிறகு, 1981-இல்.

மூட்டுவலிக்குச் சிகிச்சை தேடியபோது இன்னொரு வலையும் விரிந்தது. 'நாள்பட்ட லைம்' என்று சொல்லும் ஒரு தனியார் மருத்துவகம். சிறுநீரை வாங்கித் தங்கள் சொந்த ஆய்வகத்தில் பரிசோதித்து, ஆறு மாதம் இரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்றார்கள். காப்பீடு செல்லாது, ஆயிரக்கணக்கான டாலர் முன்பணம். சிறுநீர்ப் பரிசோதனை இந்த நோய்க்கு ஏற்கப்பட்ட முறையே இல்லை. சிகிச்சைக்குப் பிறகும் சோர்வும் வலியும் நீடிப்பவர்களுக்கு மாதக்கணக்கில் மருந்து ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் நிலையான பலன் எதையும் காணவில்லை. இரத்தக் குழாயில் மாதக்கணக்கில் கிடக்கும் குழாய் வழியாக வேறு தொற்று நுழைவதுதான் மிச்சம். நாங்கள் பணம் கட்டாமல் எழுந்து வந்தோம்.

அதற்குப் பிறகு பார்த்த மூட்டு நோய் மருத்துவர் முழங்காலிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார், இரத்தத்தையும் மறுபடி பரிசோதித்தார். இந்தக் கட்டத்தில் எதிர்ப்பொருள் நன்கு வளர்ந்திருக்கும் என்பதால் பரிசோதனை நம்பகமானது. பாசிட்டிவ். "ஜூனில் இது பத்து நாள் மாத்திரை. இப்போது 28 நாள், அதற்குப் பிறகும் வீக்கம் மிஞ்சினால் இன்னொரு சுற்று. சிலருக்குக் கிருமி செத்த பிறகும் அதன் சுவர்த் துண்டுகள் மூட்டில் தங்கி அழற்சியை நீட்டிக்கும். அப்போது ஆன்டிபயாடிக்கைக் கூட்டிப் பயனில்லை, அழற்சியை அடக்கும் மருந்து வேண்டும்" என்று விளக்கினார். என் கணவருக்கு இரண்டாம் சுற்று தேவைப்பட்டது. பிறகு வீக்கம் வடிந்தது, ஆனால் குளிர்காலம் முழுவதும் மாடிப்படி ஏறத் தடுமாறினார்.

அவசர சிகிச்சை மையத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். பரிசோதனை முறைப்படி எடுக்கப்பட்டது, முடிவு நெகட்டிவ், சிகிச்சையில் குறையில்லை என்று பதில் வந்தது. எனவே நீங்கள் போகும் இடத்தில் தடிப்பைக் காட்டி டாக்சிசைக்ளின் கேளுங்கள். மறுத்தால், தடிப்பின் அளவையும், அது லைம் தடிப்பாக இருக்க முடியாது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்று வரும்போது பல மருத்துவர்கள் மீண்டும் ஒருமுறை குனிந்து பார்க்கிறார்கள். அப்படியும் மறுத்தால் அன்றே வேறு மருத்துவரிடம் போங்கள், எடுத்து வைத்த படங்களோடு.