பிஓக்யூவில் அளவு இடித்தால்: கடிதமா, மௌனமா, நிபந்தனையா?

போன மாதம் ஒரு காம்பவுண்டு சுவர் டெண்டர் போட்டோம். 240 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம். வரைபடத்தில் இரண்டு பக்கமும் பூச்சு. பிஓக்யூவில், அதாவது வேலை அளவுப் பட்டியலில், பெயின்ட் 864 சதுர மீட்டர், பூச்சோ 432தான். ஒரு பக்கப் பூச்சைக் கணக்கில் விட்டிருக்கிறார்கள்.

கவரிங் லெட்டரில் ‘864 என்றால் விலை கூடும்’ என்று நிபந்தனை போடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். நிபந்தனை வைத்த டெண்டரை அரசு வேலைகளில் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள்.

மௌனத்துக்கு ரசிகர்கள் உண்டு. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனி ரேட் போடும் ஐட்டம் ரேட் டெண்டரில், அளவு எப்படியும் இரட்டிக்கும் என்று தெரிந்தவர் பூச்சு ரேட்டை ஏற்றி, வேறு ஐட்டத்தில் குறைத்து மொத்தத்தில் மிகக் குறைந்த விலைக்காரராக, அதாவது எல்-1 ஆகப் பார்ப்பார். முடித்த வேலையை அளந்து எழுதும் எம்-புக்கில் ஏறும் அளவுக்குத்தான் பணம் என்பதால் கூடுதல் பூச்சில் லாபம். ஆனால், பல ஒப்பந்தங்களில் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் மிச்சத்துக்கு ரேட் மறுபடி பேசப்படும். அங்கே வித்தை பலிக்காது.

விலை போடும் முன்பே விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும் பக்கம் என்னைத் தள்ளியது ஒரே விஷயம்: அளவு தப்பினால் யார் தலையில் விழும்? எங்கள் டெண்டர் மொத்தத் தொகை வகை, முழு வேலைக்கும் ஒரே விலை. பிஓக்யூ அளவு வழிகாட்டிக்கு மட்டும், வரைபடப்படி முடித்துக் கொடுக்க வேண்டும் என்று விதியே இருந்தது. விடுபட்ட 432 சதுர மீட்டர், சதுர மீட்டர் 250 ரூபாய் என்று வைத்தாலும் 1,08,000 ரூபாய். அதைச் சேர்த்து விலை போட்டால், கவனிக்காதவரிடம் தோற்போம். சேர்க்காமல் ஜெயித்தால் கைக்காசு போகும்.

‘கடிதம் எழுதினால் பதில் எல்லாருக்கும் போகுமே’ என்று எங்கள் முதலாளி இழுத்தார். போகட்டும் என்றேன். எல்லாரும் 864-க்கு விலை போட்டால்தானே நமக்குச் சமமான ஆட்டம்?

கடிதத்தில் ‘தவறு’ என்ற சொல்லே இல்லை. ஐட்டம் எண்கள், வரைபட எண், 240 × 1.8 × 2 = 864 என்ற கணக்கு, பிறகு ஒரு கேள்வி: ‘பூச்சு ஒரு பக்கமா, இரு பக்கமா? விலைக்கு எந்த அளவைக் கொள்வது?’ எங்கள் ரேட் பற்றி மூச்சு விடவில்லை. ‘விளக்கவும்’ என்று மட்டும் முடித்தால் ‘டெண்டர் ஆவணப்படி’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்; அதனால்தான் இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டோம். சந்தேகம் கேட்கும் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிட்டோம்.

மொத்தத் தொகை வேலை எனக்கு இது இரண்டாவதுதான். ஐட்டம் ரேட்டில் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். சின்ன வித்தியாசத்துக்கு அங்கே நானே சும்மா இருந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் திருத்தம் வந்தது: பூச்சு 864. வேலை கிடைக்கவில்லை, எல்-2 ஆனோம். ஜெயித்தவரும் 864-க்குத்தான் விலை போட்டிருந்தார்.