யூடியூப் தேதியா, நம் ஷீட் தேதியா: எதை எதற்கு மாற்றுவது?

யூடியூப் அனலிடிக்ஸ் காட்டும் ஒரு 'நாள்' கலிபோர்னியாவின் நள்ளிரவில் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடிகிறது. அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் கோடைநேரம் ஓடும்போது அது நமக்குப் பகல் 12:30, மற்ற மாதங்களில் 1:30. வீடியோ பார்த்து வரும் ஆர்டர்களை நாம் எழுதிவைக்கும் கூகுள் ஷீட்டோ இந்திய நேரப்படி நடக்கிறது. இரண்டையும் தேதியை வைத்து அப்படியே கோத்தால் பாதி நாள் இடறும்.

சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. யூடியூப் எண்களை மணி விகிதத்தில் பிரித்து இந்திய நாளுக்குக் கொண்டுவரலாம். நம் ஆர்டர்களுக்குக் கலிபோர்னியாவின் தேதியை, அதாவது பசிபிக் தேதியைப் போடலாம். அல்லது நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கு மட்டும் பார்க்கலாம். நான் இரண்டாவது பக்கம். காரணம் ஒன்றுதான்: நம் ஆர்டர்களில் மணி, நிமிடம் இருக்கிறது. யூடியூப் தரும் நாள் கணக்கில் மொத்தம் மட்டுமே இருக்கிறது. நேரம் தெரிந்ததை நகர்த்தினால் கணக்கு, தெரியாததைப் பிரித்தால் ஊகம்.

ஒரு மாதிரிக் கணக்கு. 2026 ஜூலை 14 காலை 10 மணிக்கு வீடியோ வெளியாகிறது. கலிபோர்னியாவில் அப்போது ஜூலை 13 இரவு 9:30. யூடியூப் 13ஆம் தேதிக்கு 900 வியூஸ், 14ஆம் தேதிக்கு 2,800 வியூஸ் காட்டுகிறது என்று வைப்போம். ஆர்டர்கள் 14 அன்று பகல் 12:30க்கு முன் 18, அதன்பின் நள்ளிரவு வரை 30, மறுநாள் 12:30 வரை 12.

விகிதப்படி பிரித்தால், பசிபிக் 13ஆம் தேதியின் 24 மணி நேரத்தில் 11.5 மணி நேரம் நம் 13ஆம் தேதிக்குப் போகும். அதாவது சுமார் 431 வியூஸ், வீடியோ வெளியாகும் முன்பே! வியூஸ் நாள் முழுக்கச் சீராக வரும் பழைய வீடியோக்களில் இந்த முறை அவ்வளவு மோசமில்லை. ஆனால் வெளியீட்டு நாளைத்தான் எல்லோரும் பார்க்க விரும்புகிறார்கள், அங்கேதான் இது கவிழ்கிறது.

ஆர்டர்களை நகர்த்தினால் பசிபிக் 13க்கு 18, 14க்கு 30+12=42. 900க்கு 18 என்றால் 2 சதவீதம், 2,800க்கு 42 என்றால் 1.5 சதவீதம். எதையும் நகர்த்தாமல் கோத்திருந்தால், 13ஆம் தேதி 900 பேர் பார்த்தும் ஒருவரும் வாங்கவில்லை என்று ஷீட் சொல்லியிருக்கும்.

செய்முறை எளிது. இந்திய நேரம் உள்ள நெடுவரிசையைத் தொடாதீர்கள். பக்கத்தில் 'பசிபிக் தேதி' என்று ஒன்று சேருங்கள். Extensions > Apps Script திறந்து இதை ஒட்டிச் சேமியுங்கள்:

```
function PTDATE(d) {
  return Utilities.formatDate(d, "America/Los_Angeles", "yyyy-MM-dd");
}
```

இந்திய நேரம் A நெடுவரிசையில் இருந்தால், செல்லில் இப்படி:

```
=DATEVALUE(PTDATE(A2))
```

DATEVALUE இல்லாவிட்டால் வருவது தேதி அல்ல, வெறும் எழுத்து. யூடியூப் கோப்பின் தேதி நெடுவரிசையோடு அது பொருந்தாது, VLOOKUP பிழை காட்டும். செல்லில் தேதிக்குப் பதில் ஓர் எண் தெரிந்தால், நெடுவரிசைக்குத் தேதி வடிவம் கொடுங்கள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஜூலை 14 பகல் 12:29ஐயும் 12:30ஐயும் போட்டுப் பாருங்கள். முதலாவது 13, இரண்டாவது 14 வர வேண்டும். ஆயிரக்கணக்கான வரிசைகளில் இந்த ஃபங்ஷன் ஊர்ந்துதான் போகும். பழைய மாதங்களை மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுவது நல்லது.

பலரும் சறுக்கும் இடம் File > Settings. அங்கே Time zone-ஐப் பசிபிக்குக்கு மாற்றினால் ஷீட்டே மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஏற்கெனவே எழுதிய நேரங்கள் இம்மியும் நகராது. மாறாக, செல்லில் உள்ள காலை 10 மணியை ஸ்க்ரிப்ட் கலிபோர்னியாவின் 10 மணி என்று படித்து, 14ஆம் தேதியையே திருப்பித் தரும். அமைப்பு இந்திய நேரத்திலேயே இருக்கட்டும்.

ஸ்க்ரிப்ட் வேண்டாம், 12.5 மணியைக் கழித்தால் போதாதா? நவம்பர் வரை போதும். 2026 நவம்பர் 1 அன்று கோடைநேரம் முடிந்ததும் வித்தியாசம் 13.5 ஆகிறது, அதன்பின் பகல் 12:30க்கும் 1:30க்கும் இடைப்பட்ட ஆர்டர்கள் தினமும் தவறான தேதியில் விழும். ஒரு மணி நேரத்துச் சரக்கு என்பதால் யார் கண்ணிலும் படாது. America/Los_Angeles என்ற பெயரைக் கொடுத்தால் அந்த மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். மாறும் நாளில் யூடியூப்பின் நாளே நவம்பரில் 25 மணி, மார்ச்சில் 23 மணி. அன்றைய ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

வாரக் கணக்கு சோம்பேறிகளின் வழி போலத் தெரிந்தாலும், தினமும் வீடியோ போடும் சேனலுக்கு அது தாராளமாகப் போதும். பிசகு வாரத்தின் இரு ஓரங்களில் மட்டும்தான். ஞாயிறு இரவு வீடியோ வெளியிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் அந்த ஓரமே முக்கியமாகிவிடும். அவர்கள் வாரத்தைப் புதனில் தொடங்கலாம்.