சம்பள முன்பணம்: செயலியிலா, அலுவலகத்திலா?

கட்டணம்: சம்பளத்துக்குப் பத்து நாள் முன்பு நிறுவனம் தரும் செயலியில் 5,000 ரூபாய் எடுத்து 100 ரூபாய் கட்டணம் கொடுத்தால், வட்டி என்ற பெயர் இல்லாவிட்டாலும் அது ஆண்டுக்கு 73 சதவீத வட்டிக்குச் சமம். கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுத்து வாங்கும் முன்பணத்துக்குப் பல நிறுவனங்கள் எதுவும் வாங்குவதில்லை.

எளிமை: செயலியில் சில நிமிடங்களில் பணம் வந்துவிடும், அலுவலகத்தில் மேலாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.

பிடித்தம்: முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். செயலியில் எடுத்த முழுத் தொகையும் பெரும்பாலும் அடுத்த சம்பளத்திலேயே பிடிக்கப்படுவதால், 20,000 ரூபாய் சம்பளக்காரரின் கைக்கு 14,900 மட்டுமே வந்து, அந்தக் குறையை ஈடுகட்ட அவர் மாதாமாதம் கட்டணம் செலுத்தி மறுபடியும் எடுக்க நேர்கிறது. அலுவலக முன்பணத்தை ஐந்து தவணையாகப் பிடிக்கக் கேட்டுப் பெற்றால், மாதம் 1,000 மட்டுமே குறையும்.

எதிர்பாராத மருத்துவச் செலவுக்கு ஒருமுறை எடுப்பவருக்குச் செயலி உதவும். மளிகைக்கும் வாடகைக்கும் மாதந்தோறும் துண்டு விழுபவருக்குத் தவணை முன்பணமே ஏற்றது.