அடகு நகை ஏலம் போய்விட்டதா? ஏலத் தாளில் கேரட்டைப் பாருங்கள்

அக்கா 2023 ஜூனில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் சங்கிலியை அடகு வைத்தாள். வட்டி கட்ட முடியாமல் போக, அடுத்த வருடம் ஜூலையில் நகை மூழ்கிவிட்டது. அது கூடப் பரவாயில்லை, ஏலம் முடிந்த பிறகு "இன்னும் ஆயிரம் ரூபாய் பாக்கி" என்று கடிதம் வந்ததுதான் எரிச்சல்.

அடகுச் சீட்டில் நிகர எடை 22 கிராம், 22 கேரட் என்று அவர்களே உரசிப் பார்த்து எழுதியிருந்தார்கள். கடன் 88,000. வட்டி, அபராதம், நோட்டீஸ் செலவு எல்லாம் சேர்ந்து 1,14,000 ஆகிவிட்டது. அப்போது 22 கேரட்டின் 30 நாள் சராசரி விலை கிராம் சுமார் 6,600, அதாவது தங்கத்தின் மதிப்பு மட்டும் 1,45,200. வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரமெல்லாம் கணக்கிலேயே வராது.

அப்போது இருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த மாதிரி நிறுவனங்கள் ஏலத்தின் ஆரம்ப விலையை அந்தச் சராசரியில் 85 சதவீதத்துக்குக் கீழே வைக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் கிராம் 5,610, மொத்தம் 1,23,420. கடன் போக ஒன்பதாயிரத்துச் சொச்சமாவது அக்கா கைக்கு வந்திருக்க வேண்டும், மீதிப் பணம் அடகு வைத்தவருக்குத்தான் சொந்தம்.

எங்கே போனது? கேட்டு வாங்கிய ஏலத் தாளில் அதே 22 கிராம், ஆனால் 20 கேரட்! கேரட் குறைந்தால் அந்த விகிதத்தில் விலையும் குறையும் என்று விதியிலேயே இருக்கிறது, ஆகவே கிராம் 5,100 ஆகி, ஆரம்ப விலை 1,12,200க்கு இறங்கிவிட்டது. விற்றது 1,13,000க்கு. கிளையில் கேட்டால், "ஏலத்துக்கு முன்னாடி மறுபடி சோதிப்பாங்க மேடம், அது எங்க கையில இல்லை" என்கிறார்கள். கடன் கொடுக்கும்போது 22, விற்கும்போது 20. எப்படியய்யா லாக்கருக்குள் மாற்று குறையும்? பழைய நகையில் பற்றுவைப்பு அதிகமிருந்தால் உருக்கும்போது கொஞ்சம் குறையலாம்தான். ஆனால் அதற்குத்தானே மதிப்பீட்டாளர் என்று ஒருவரை முதலிலேயே உட்கார வைக்கிறார்கள்.

2026 ஏப்ரலிலிருந்து ஆரம்ப விலை 90 சதவீதம், இரண்டு ஏலம் யாரும் எடுக்காமல் போனால்தான் 85. மீதிப் பணத்தை 7 வேலை நாளில் தர வேண்டும். ஆனால் எந்த கேரட்டில் 90 என்பதுதான் கேள்வி, அதனால் அடகுச் சீட்டைத் தொலைக்காதீர்கள், ஏலத் தாளை எழுத்தில் கேளுங்கள், இரண்டிலும் நிகர எடையும் கேரட்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in. தெருமுனை அடகுக்கடை இதில் வராது, அது மாநில அரசின் 1943 அடகுக்கடைச் சட்டத்தின் கீழ் வருகிறது. எங்கள் புகார் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, அந்த ஆயிரத்தை நாங்கள் கட்டவில்லை.