டியர் சாரா, ஹலோ டீமா? ஒரே செய்தி, நான்கு தொடக்கங்கள்

கோவையில் பம்ப் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் சரக்குக்குக் கப்பலில் இடம் பிடித்து அனுப்பித் தரும் ஃபார்வர்டரிடமிருந்து போன் வந்தது. தூத்துக்குடியில் நின்ற எங்கள் கன்டெய்னர் 'ரோல்' ஆகிவிட்டதாம். கப்பலில் இடம் போதவில்லை, அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். சரக்கு தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி, ஹாம்பர்க் சேர வேண்டும். இங்கே ஒரு வாரம் பிந்தினால் கொழும்பில் பிடிக்க வேண்டிய கப்பலும் போய்விடும். எல்சியில், அதாவது பணத்துக்கு வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதத்தில், எழுதியிருந்த கடைசி ஏற்றுமதித் தேதியும் தாண்டிவிடும்.

ஒரே செய்திதான். அதை நான்கு இடங்களுக்கு எழுத வேண்டியிருந்தது: எங்கள் வங்கிக் கிளை, ஜெர்மனியில் வாங்குபவர், அதே ஆர்டரின் தொழில்நுட்ப வேலைகளைப் பார்க்கும் அமெரிக்கப் பொறியாளர், அப்புறம் எங்கள் ஆட்கள். மெயிலின் உடல் அரை மணியில் தயாராகிவிட்டது. முதல் வரியில்தான் ஒவ்வொன்றுக்கும் கை நின்றது.

வங்கிக்கு 'டியர் சார்' என்று போட்டேன். இந்தத் தொடக்கத்தைப் பழசு என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அது எங்கே பொருந்தும் என்று பார்த்தால் அதன் பலம் தெரியும். வங்கிக் கிளைக்குப் போகும் மெயில் ஒரு மனிதருக்குப் போவதில்லை, ஒரு நாற்காலிக்குப் போகிறது. இன்றைக்கு இருக்கும் மேலாளர் நாளைக்கு மாற்றலாகிப் போவார். மெயிலை பிரின்ட் எடுத்து ஃபைலில் கோர்ப்பார்கள், ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் புரட்டுவார். அங்கே பெயர் இல்லாமல் இருப்பதே வசதி. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நாற்காலியில் இருப்பவர் பெண்ணாக இருக்கலாம். 'டியர் சார் ஆர் மேடம்' என்று எழுத இரண்டு நொடி கூட ஆகாது.

'ரெஸ்பெக்டட் சார்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது நம் பள்ளிக்கூட லீவ் லெட்டரிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்த சொல். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுதி 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கிப் பழகிய கைக்கு, அதிகாரியை 'டியர்' என்று கூப்பிடக் கூச்சம். அதனால் மதிப்பை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டோம் என்பது என் கணிப்பு. கலெக்டர் ஆபீசுக்கோ கல்லூரி முதல்வருக்கோ எழுதும்போது இதில் ஒரு குறையும் இல்லை. படிக்கிறவரும் அதே பள்ளிக்கூடத்து ஆள்தானே. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்கு இது விநோதமாகப் படும். அங்கே மரியாதைத் தொடக்கமே 'டியர்'தான். அதில் பாசம் எதுவும் கிடையாது.

பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் இதற்கு ஒரு ஜோடி விதி உண்டு. பெயர் இல்லாமல் 'டியர் சார்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிக்க வேண்டும், பெயர் போட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இன்று பாதிப் பேர் 'ரிகார்ட்ஸ்' என்று முடித்துவிடுகிறார்கள். விதி தெரிந்த வயதானவர்கள் கண்ணில் மட்டும் கலப்பு உறுத்தும்.

சரி, ஜெர்மனி. இங்கே 'டியர் சார்' போட்டிருந்தால் தவறாகியிருக்கும். மூன்று மாதமாகப் பேசிவருகிற ஒருவருக்கு அப்படி எழுதினால், உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை என்று சொன்ன மாதிரி. அவருடைய கையொப்பத்தில் 'டாக்டர்' இருந்தது. ஜெர்மனியில் முனைவர் பட்டம் வாங்கிய பொறியாளரைப் பட்டத்தோடு விளிப்பது இன்னும் சாதாரணம். எனவே டாக்டர், குடும்பப் பெயர். அவர் பெயர் ஷ்மிட் என்று வைத்துக்கொள்வோம்: 'டியர் டாக்டர் ஷ்மிட்'.

தமிழ்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஜெர்மன் மொழியிலும் நீங்கள், நீ என்று இரண்டு உண்டு: 'ஸீ', 'டூ'. 'ஸீ' போடும் இடத்தில் குடும்பப் பெயர், 'டூ' போடும் இடத்தில் முதல் பெயர். 'நீ'க்கு மாறலாம் என்று சொல்லும் உரிமை பெரியவருக்கோ மேலதிகாரிக்கோதான். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான் இருப்பதால், அந்த வித்தியாசம் முழுவதையும் முதல் வரியில் இருக்கும் பெயர் சுமக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஜெர்மானியர்கள் முதல் பெயருக்குச் சீக்கிரமே வந்துவிடுவார்கள். ஆனாலும் முதலில் மாறுவது அவராக இருக்கட்டும் என்று காத்திருப்பதில் நமக்கு நஷ்டம் இல்லை. மெயிலின் அடியில் அவர் முதல் பெயரை மட்டும் போட்டாரா என்று பார்த்தால் போதும். போட்டால் அதுதான் அனுமதி.

பெயர் என்றதும் நம் பக்கத்து வழுக்கல் ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை, இனிஷியல்தான். அதனால் மிஸ்டருக்குப் பின்னால் எந்தப் பெயர் வர வேண்டும் என்பது நம் காதில் பதியவே இல்லை. 'மிஸ்டர் மைக்கேல்' என்று எழுதிவிடுவோம். அங்கே மிஸ்டர் என்றால் குடும்பப் பெயர், அல்லது மிஸ்டரே கிடையாது. இதன் மறுபக்கமும் உண்டு. கார்த்திகேயன் என்பவர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சுப்பிரமணியத்தைக் கடைசிப் பெயராகப் போட்டிருந்தால், அவருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் மெயில் எல்லாம் 'டியர் மிஸ்டர் சுப்பிரமணியம்' என்றுதான் வரும். ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு பம்ப் விலை கேட்டு மெயில்! கையொப்பத்தில் கூப்பிட வேண்டிய பெயரை மட்டும் தனியாகப் போடுவதுதான் இதற்கு மருந்து.

இன்னொரு முறை என் பக்கத்து இருக்கைக்காரர், இத்தாலிக்குக் கொடுத்த கொட்டேஷனில் ஆண்ட்ரியா என்ற பெயரைப் பார்த்துப் பெண் என்று முடிவுகட்டி 'மிஸ்' போட்டுவிட்டார். ஜெர்மனியில் அது பெண் பெயர், இத்தாலியில் ஆண் பெயர். பதில் வந்தது, கோபமில்லாமல், ஆனால் கையொப்பத்தில் புதிதாக 'மிஸ்டர்' முளைத்திருந்தது. சந்தேகம் இருந்தால் மிஸ்டரும் வேண்டாம், மிஸ்ஸும் வேண்டாம். டியர் போட்டு முழுப் பெயரையும் எழுதிவிடலாம். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் யாரும் புண்பட மாட்டார்கள்.

அமெரிக்கப் பொறியாளருக்கு 'ஹாய்' போட்டு முதல் பெயர். அவர் முதல் மெயிலிலேயே அப்படித்தான் எழுதினார். ஹெடரில் மைக்கேல் என்று இருந்தாலும் அடியில் மைக் என்று போடுகிறவர் மைக்தான். அவருக்கு 'சார்' போட்டால் மரியாதை கூடும் என்று நினைத்தால் தப்பு. நம் ஊரில் சார் என்பது ஆட்டோக்காரர் முதல் ஆசிரியர் வரை எல்லோருக்கும் போடும் இதமான சொல். அங்கே ஓட்டல் பணியாளரும் போலீஸ்காரரும் ராணுவ வீரரும் சொல்கிற சொல். ஹாய் சொன்னவருக்கு டியர் சார் என்று பதில் போனால், இவருக்கு என்மேல் என்ன வருத்தம் என்று யோசிப்பார்.

தொடக்கத்துக்கு அடுத்த வரியும் தொடக்கத்தோடு சேர்ந்ததுதான். போனில் மெயில் பட்டியலைப் பார்த்தால் அனுப்பியவர், பொருள், அதற்குக் கீழே முதல் வரியின் ஒரு துண்டு தெரியும். 'ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று எழுதினால் அந்தத் துண்டு முழுக்க அதற்கே போய்விடும். 'கிரீட்டிங்ஸ் ஆஃப் தி டே' இன்னும் மோசம், பார்த்ததும் விற்பனை மெயில் என்று விரல் தானாகத் தள்ளிவிடும். ஷ்மிட்டுக்கும் மைக்குக்கும் பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதினேன்: கன்டெய்னர் இந்தக் கப்பலில் ஏறவில்லை, அடுத்த கப்பல் ஏழு நாள் கழித்து. ஷ்மிட்டுக்கு மட்டும் எல்சி திருத்தம் வேண்டும் என்பதைச் சேர்த்தேன், ஏனென்றால் அதை அவர்தான் தன் வங்கியிடம் கேட்க வேண்டும். வருத்தம் தெரிவித்தது மூன்றாவது வரியில். 'குட் மார்னிங்' போடவில்லை. கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அமெரிக்கா இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஜப்பானுக்கு எழுதியிருந்தால் இந்தச் சிக்கனம் செல்லாது. அங்கே குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து, உங்கள் ஆதரவுக்கு நன்றி என்ற வழக்கமான வரியை எழுதிய பிறகுதான் விஷயம். அந்த வரியை யாரும் வெட்டிப் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை, இல்லாவிட்டால்தான் உறுத்தும்.

கடைசியாக எங்கள் ஆட்களுக்கு 'ஹலோ டீம்' என்று தொடங்கி ஒன்பது பேருக்கு அனுப்பினேன். கன்டெய்னர் யார்டில் கூடுதலாக ஒரு வாரம் நிற்பதற்கான வாடகைக்கு அக்கவுன்ட்ஸ் ஒப்புதல் வேண்டும், ஸ்டோர்ஸில் அடுத்த லாட்டின் பேக்கிங் தேதியை மாற்ற வேண்டும் என்று இரண்டு வேலைகளை அதில் கேட்டிருந்தேன். மாலை நான்கு மணி வரை ஒருவரும் பதில் போடவில்லை. யாரும் சோம்பேறிகள் இல்லை, ஒன்பது பேரும் மற்ற எட்டுப் பேரில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். ஹலோ டீம் செய்தி சொல்ல நல்ல தொடக்கம், வேலை வாங்க மோசமான தொடக்கம். 'ஹாய் கைஸ்' இருக்கும் இடத்தில் அதை வைப்பது மேல், பெண்களையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் வேலை இருந்தால் ஆள் பெயர் வேண்டும்.

நாலரைக்கு இரண்டு தனி மெயில் அனுப்பினேன், ஒவ்வொன்றும் ஒருவருக்கு. அவசரத்தில் இரண்டிலும் 'டியர்' போட்டுப் பெயரை எழுதிவிட்டேன். அக்கவுன்ட்ஸில் ஐந்து நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஸ்டோர்ஸ் பொறுப்பாளரிடமிருந்து பதில் மெயில் வரவில்லை. அவரே எழுந்து என் மேசைக்கு வந்துவிட்டார். ஆபீஸ் முழுக்க அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னங் தம்பி, எம்மேல எதாச்சும் கோவமுங்களா?"

பேக்கிங் தேதியை அவர் மெயிலைப் பார்த்த உடனே மாற்றிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு 'அண்ணா' என்று தமிழில் அடித்து, மீதியை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். போன தணிக்கையின்போது அந்த மெயில்களின் பிரின்ட்டைப் பார்த்த ஆடிட்டர், இதில் உங்கள் அண்ணனுக்கு என்ன வேலை என்று கேட்டார்.