தினசரி இருப்பு ஸ்னாப்ஷாட்டா, பரிவர்த்தனை வரலாறா: பழைய தேதியிட்ட பதிவே தீர்மானிக்கிறது

ஒவ்வொரு இரவும் ஒரு ஜாப் ஓடி, அன்றைய கையிருப்பைத் தனி அட்டவணையில் படியெடுத்து வைப்பது ஒரு முறை. வரவு, செலவு, இடமாற்றம் ஆகிய பரிவர்த்தனைகளை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த நாளின் இருப்பு வேண்டுமோ அதை அப்போதைக்கப்போது கூட்டி எடுப்பது இன்னொரு முறை. உதிரிபாக விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்காக நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே பரிந்துரைப்பேன்.

வேகத்தில் ஸ்னாப்ஷாட் முந்தும் என்பதில் மறுப்பில்லை. இடத்தைப் பொறுத்தவரை, 12,000 பொருள்களும் 4 கிடங்குகளும் இருந்தால் நாளொன்றுக்கு 48,000 வரிகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 1.75 கோடி வரிகள் சேரும். பெரும்பாலான பொருள்கள் பெரும்பாலான நாள்களில் அசைவதே இல்லை என்பதால், இவற்றில் மிகுதியானவை முந்தைய நாளின் நகல்களே. ஆனாலும் வட்டு மலிவாகிவிட்ட காலத்தில் இது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது.

தீர்மானிப்பது பழைய தேதியிட்டு வரும் பதிவு. சரக்கு 3ஆம் தேதி இறங்கியிருக்கும். விலைப்பட்டியல் கைக்கு வந்து 6ஆம் தேதிதான் கணினியில் ஏறும், ஆனால் 3ஆம் தேதியிட்டே ஏறும். கிடங்கு வேலையில் இது அன்றாடம் நடப்பது. ஒரு பொருளின் இருப்பு 2025 மார்ச் 2 இரவில் 120 என்று கொள்வோம். 3ஆம் தேதி 30, 4ஆம் தேதி 20, 5ஆம் தேதி 10, 6ஆம் தேதி 15 என வெளியே போகின்றன. 3ஆம் தேதி வந்த 40 மட்டும் 6ஆம் தேதி பதிவாகிறது. ஜாப் எழுதி வைத்தவை 90, 70, 60, 85. உண்மையான இருப்போ 130, 110, 100, 85.

கடைசி எண் சரியாக இருப்பதுதான் இதிலுள்ள ஆபத்து. கிடங்கில் எண்ணிப் பார்ப்பவருக்கு 85 ஒத்துப்போகும். நடுவிலுள்ள மூன்று நாள்கள் தவறானவை என்பது ஒருவருக்கும் தெரியாது. சராசரி இருப்பையோ, எந்த நாளில் சரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது என்பதையோ அந்த அட்டவணையிலிருந்து கணக்கிடுபவர் தவறான விடையுடன் போவார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு நாளின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து முந்தைய நாளுடையதைக் கழித்தால், அந்தத் தேதியிட்ட பரிவர்த்தனைகளின் கூட்டுத்தொகை வர வேண்டும். இங்கே 3ஆம் தேதியில் 40 குறையும், 6ஆம் தேதியில் அதே 40 மிகும்.

கடந்த ஏழு நாள்களை ஒவ்வொரு இரவும் மறுபடி கணக்கிடச் சொல்லலாம். எட்டாம் நாள் வரும் பதிவு அதையும் தாண்டி நழுவும். சர்வர் நின்ற இரவுக்கு வரியே இருக்காது. சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருந்தால், நள்ளிரவு ஜாப் நமக்குக் காலை 5.30 மணிக்கு ஓடி, விடியற்காலையில் ஏற்றிய சரக்கையும் முந்தைய நாளின் கணக்கில் சேர்த்துவிடும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் வைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

பரிவர்த்தனை வரலாற்றில் சரக்கு நகர்ந்த தேதி, பதிவான நேரம் ஆகிய இரண்டும் தனித்தனிப் புலங்களாக இருந்தால் இந்தச் சிக்கலே எழுவதில்லை:

```sql
SELECT SUM(qty) FROM stock_moves
WHERE item_id = 417 AND store_id = 2
  AND txn_date <= '2025-03-04'
  AND entered_at < '2025-03-05';
```

இது 70 தரும். அதாவது 4ஆம் தேதி இரவு திரையில் தெரிந்த எண். கடைசி நிபந்தனையை எடுத்துவிட்டால் 110, அதாவது உண்மையில் இருந்த எண். இருப்பு இல்லையென்று நினைத்து ஆர்டர் போட்டவரிடம் விளக்கம் கேட்கும்போது முதல் எண் வேண்டும். சராசரி இருப்புக்கு இரண்டாவது வேண்டும். ஸ்னாப்ஷாட்டைத் திருத்தினால் முதலாவது அழிகிறது, திருத்தாவிட்டால் இரண்டாவது கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. பதிவான வரியை யாரும் மாற்றவோ அழிக்கவோ கூடாது; பிழை நேர்ந்தால் எதிர்ப்பதிவு போட்டு, புதிய வரி எழுத வேண்டும். அளவைத் திரையிலேயே திருத்த அனுமதிக்கும் மென்பொருளில், பதிவான நேரத்தை வைத்துப் பழைய நிலையை மீட்க முடியாது.

ஆண்டுகள் சேரச் சேரக் கூட்டல் மெதுவாகும் என்பதற்காக, கணக்குப் பிரிவு ஒரு மாதத்தைப் பூட்டிய பிறகு, அம்மாத இறுதி இருப்பை மட்டும் சேமிக்கிறோம். பூட்டிய மாதத்துக்குள் புதிய பதிவு நுழைய முடியாது என்பதால் அந்த எண் பிறழாது. அதற்குப் பிந்தைய பரிவர்த்தனைகளை மட்டும் அதனுடன் கூட்டினால் போதும். எங்களிடம் ஒரு நாளில் சேர்பவை சில ஆயிரம் வரிகளே. நாளுக்குப் பல லட்சம் வரிகள் வரும் சில்லறை விற்பனைச் சங்கிலியில் தினசரி ஸ்னாப்ஷாட் தவிர்க்க முடியாததாகலாம். அந்த அளவில் நான் பணியாற்றியதில்லை. அங்கேயும், பழைய தேதியிட்ட வரி ஒன்று விழுந்தவுடன் அந்தத் தேதியிலிருந்து அந்தப் பொருளுக்கு மட்டும் ஸ்னாப்ஷாட்டை மறுபடி எழுதும் ஏற்பாட்டை முதலில் கட்டிவிட்டுத்தான் இரவு ஜாப்பை ஓடவிடுவேன்.