மீட்டரில் 19.5 வோல்ட் காட்டி 6,800 ரூபாய் பறித்துவிட்டார்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். பணம் என் அக்காவுடையது. 6,800 ரூபாய். வாங்கியது, ஆப் மூலம் பதிவு செய்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு ரிப்பேர் சேவை. பெயர் போடவில்லை. இந்த வித்தையைச் செய்பவர்கள் அவர்கள் மட்டும் இல்லை என்பதால், வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

லேப்டாப் ஓடுகிறது. சார்ஜர் செருகியிருக்கிறது. பேட்டரி 11 சதவீதத்திலேயே நிற்கிறது, "Plugged in, not charging" என்று காட்டுகிறது. மெஷினும் வழக்கத்தைவிட மந்தம். இவ்வளவுதான் புகார்.

வந்தவர் முதலில் செய்தது மீட்டரை எடுத்ததுதான். அடாப்டர் முனையில் ஒரு கம்பியை உள்ளேயும் இன்னொன்றை வெளி வளையத்திலும் வைத்து, "பாருங்க மேடம், 19.5 வருது. அடாப்டர்ல எழுதியிருக்கறதும் அதேதான். அடாப்டர் நல்லா இருக்கு, போர்டுலதான் ப்ராப்ளம், சார்ஜிங் ஐசி போயிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கவனிக்கும் போர்டு சிப்தான் அந்த ஐசி. கண்ணெதிரே எண் தெரிகிறது, அடாப்டர் ஸ்டிக்கரிலும் அதே எண். யார்தான் நம்ப மாட்டார்கள்? லேப்டாப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள் அக்கா. திரும்பி வந்தபோது பில் 6,800. பில்லில் "போர்டு சர்வீஸ்" என்ற இரண்டே வார்த்தை. பேட்டரி அதே 11 சதவீதம்.

அந்த மீட்டர் காட்டியது பொய் இல்லை. அதுதான் இதில் மோசம். இந்த வகை அடாப்டரின் உருண்டை முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் போவது உள் வளையத்திலும் வெளி வளையத்திலும். நடு ஊசியில் போவது தகவல் மட்டும்: அடாப்டர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன சிப் ஒன்று, "நான் 65 வாட்" என்று லேப்டாப்புக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் வராவிட்டால், எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று லேப்டாப்புக்குத் தெரியாது. அதனால் பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பிராசசர் வேகத்தையும் குறைத்துக்கொண்டு, மெதுவாக ஓடும். அக்கா சொன்ன அறிகுறிகள் அப்படியே இவைதான்.

தகவல் கம்பி மெல்லியது. ஒயர் முனையோடு சேரும் இடத்தில் தினமும் மடங்கி மடங்கி அங்கேதான் முதலில் அறும். மற்ற இரண்டு கம்பியும் நன்றாக இருப்பதால் மீட்டர் 19.5 காட்டிக்கொண்டே இருக்கும். வந்தவர் அந்த நடு ஊசியைச் சோதிக்கவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க மீட்டரே வேண்டாம். சார்ஜரைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்யும்போது F2 தட்டி, விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் பயாஸ் என்ற செட்டிங் திரைக்குள் போய், பேட்டரி விவரத்தில் அடாப்டர் வாட் என்ன காட்டுகிறது என்று பார்த்தால் போதும். (சில கம்பெனிகளில் வேறு கீ.) 65 W என்று காட்டினால் அடாப்டரும் ஒயரும் பேசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம், அப்போதும் சார்ஜ் ஏறவில்லை என்றால்தான் பேட்டரியையோ போர்டையோ சந்தேகப்படலாம். அக்காவின் மெஷின் காட்டியது Unknown. ஆன் செய்யும்போதே "The AC power adapter wattage and type cannot be determined" என்று திரையில் எழுதியும் வந்தது. அந்த டெக்னீஷியன் இதைத் தாண்டித்தான் போயிருக்கிறார்.

Unknown என்று வந்தாலும் குற்றவாளி அடாப்டரா, லேப்டாப்பின் சார்ஜிங் போர்ட்டா என்று பிரிக்க வேண்டும். அதே வாட், அதே முனை உள்ள வேறொரு ஒரிஜினல் அடாப்டரை யாரிடமாவது கடன் வாங்கிச் செருகுங்கள். வாட் சரியாகத் தெரிந்தால் பழைய அடாப்டர் போச்சு. இரண்டிலும் Unknown என்றால் முதல் சந்தேகம் போர்ட்: நடு ஊசி உட்காரும் துளைக்குள் தூசியோ, வளைந்த தொடுமுனையோ, போர்டுக்குப் போகும் ஒயர் தளர்ந்ததோ இருக்கும். செருகி ஆட்டினால் விளக்கு விட்டுவிட்டு எரிவதும், அந்த இடம் கை வைக்க முடியாமல் சுடுவதும் போர்ட்டின் அடையாளம். நிறைய மாடல்களில் போர்ட் தனி ஒயரோடு வரும் பாகம். சால்டரிங் தேவையில்லை, கழற்றி மாட்டினால் முடிந்தது. அதற்கும் "மதர்போர்டு" என்றுதான் பில் போடுவார்கள்.

அக்கா வீட்டில் கடன் வாங்கிய அடாப்டரைச் செருகியதும் 65 W வந்தது, சார்ஜ் ஏற ஆரம்பித்தது. பின்மூடியைத் திறந்து பார்த்தேன். சார்ஜிங் ஐசியைச் சுற்றி தூசி படிந்தபடி அப்படியே இருந்தது. ஐசி மாற்ற வேண்டுமென்றால் சூடான காற்று அடிக்க வேண்டும். தூசி அங்கே தங்காது, சால்டரிங்குக்குத் தடவும் ஃபிளக்ஸின் பிசுக்காவது மிஞ்சும். ஒன்றும் இல்லை. 6,800 வாங்கிக்கொண்டு அந்த ஐசியைத் தொடக்கூட இல்லை.

ஃபோன் செய்தால் முதல் பதில், "ஐசி மாத்தியாச்சு மேடம், இப்ப பேட்டரியும் வீக், 4,200 ஆகும்." பேட்டரி நிலவரம் விண்டோஸே சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்டில் இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

ரிப்போர்ட் எங்கே சேமிக்கப்பட்டது என்று அதிலேயே காட்டும். DESIGN CAPACITY 42,000 mWh, FULL CHARGE CAPACITY 33,600 mWh. அதாவது 80 சதவீதம், பழகிய பேட்டரிக்கு நல்ல நிலைதான். பாதிக்கும் கீழே போயிருந்தாலோ, 40 சதவீதத்தில் திடீரென்று அணைந்தாலோ, உப்பியிருந்தாலோ மாற்றுவது நியாயம். (60 அல்லது 80 சதவீதத்தில் மட்டும் சார்ஜ் நின்றால் அது கோளாறே இல்லை, கம்பெனி ஆப்பில் பேட்டரியைக் காக்கும் செட்டிங் ஆனில் இருக்கும்.) இந்த ரிப்போர்ட்டை அனுப்பியதும் பேச்சு மாறியது: "டெக்னீஷியன் லீவு", "லேப்ல கேட்டுச் சொல்றோம்", "ஆப்ல டிக்கெட் போடுங்க". டிக்கெட் போட்டால் "தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடுகிறார்கள். பழைய ஐசி எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் தர மாட்டோம் சார்." மாற்றாத ஐசியை எங்கிருந்து தருவார்கள்?

புது அடாப்டர் 1,500 ரூபாய். இதில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குத்தான் 6,800.

விரிவாக எழுத நினைத்தேன், இன்னும் கை நடுங்குகிறது, அவசரமாகச் சிலது:

மீட்டரில் வோல்ட் காட்டினால் நம்பாதீர்கள், பயாசில் வாட் காட்டச் சொல்லுங்கள். பாகத்தின் பெயர் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழைய பாகம் கைக்கு வர வேண்டும் என்று லேப்டாப்பைக் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். டைப்-சி சார்ஜிங் என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஃபோன் சார்ஜர் பல லேப்டாப்புக்குப் போதாது, சாதாரண சி-டு-சி கேபிளும் 60 வாட்டுக்கு மேல் தாங்காது. மலிவான டூப்ளிகேட் அடாப்டர் வாங்கினால் சிப் இல்லாமல் வந்து மறுபடியும் Unknown காட்டலாம், கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அக்கா புகார் கொடுத்துவிட்டாள். 6,800-இல் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பவில்லை.